மலக்குடல் புற்றுநோய்: எம்.ஆர்.ஐ. அறிக்கையில் வரும் இரண்டு மில்லிமீட்டர்கள்

இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்த பின் அறிக்கையோடு வருபவர்களும் அவர்களுடைய வீட்டாரும் கேட்கும் கேள்விகளுக்கு, அந்தப் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் கதிரியக்கவியல் மருத்துவர் என்ற முறையில் இங்கே விடை எழுதியிருக்கிறேன். கட்டி சுவரைத் தாண்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, அருகிலுள்ள உறையிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்ற இரண்டை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவின் அறிக்கையில் mrT3b, MRF+ என்று போட்டிருக்கிறது. மூன்றாம் நிலைக்குப் போய்விட்டதா?

இந்த வரியிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. டி என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண், கட்டி குடல் சுவரில் எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கிறது என்பதை மட்டும் குறிக்கிறது. நோயின் ஒட்டுமொத்த நிலை என்பது டி, நிணநீர்க் கணுக்களைக் குறிக்கும் என், தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியதைக் குறிக்கும் எம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே தீர்மானிக்கப்படுகிறது. டி3 கட்டி உள்ள ஒருவருக்குக் கணுக்களில் நோய் இல்லை, வேறு உறுப்புகளிலும் இல்லை என்றால் அவருடைய நோய் இரண்டாம் நிலையில் இருக்கிறது. கணுக்களுக்குப் பரவியிருந்தால்தான் மூன்றாம் நிலை. நுரையீரலும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்பதை இடுப்பு எம்.ஆர்.ஐ. சொல்லாது; அதற்குத் தனியாக சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும்.

முன்னால் இருக்கும் எம்.ஆர். என்ற இரண்டு எழுத்துகள், இந்த முடிவு படத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது, அறுவை செய்து எடுத்த திசுவைப் பார்த்துச் சொல்லப்பட்டதன்று என்பதற்கான அடையாளம். பின்னால் இருக்கும் பி என்ற எழுத்தும் எம்.ஆர்.எஃப். என்ற சொல்லும்தான் இந்த வரியின் முக்கியமான பகுதிகள்; அவற்றைக் கீழே பார்க்கலாம்.

குடல் சுவரின் அடுக்குகள் படத்தில் உண்மையாகவே தெரியுமா?

முக்கியமானவை தெரியும். மலக்குடலின் உட்புறத்தில் சளிச்சவ்வும், அதை அடுத்துச் சளிச்சவ்வின் அடியடுக்கும், அதற்கும் வெளியே தசையடுக்கும் இருக்கின்றன. டி2 வகைப் படம் என்று நாங்கள் சொல்லும் படத்தில் (இந்த டி2 எம்.ஆர்.ஐ. நுட்பத்தின் பெயர், கட்டியின் டி2 நிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை) அடியடுக்கு வெளிறியும், தசையடுக்கு மெல்லிய கறுப்புக் கோடாகவும் தோன்றும். தசையைச் சுற்றியுள்ள கொழுப்பு பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். கட்டி இவை இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தில் இருப்பதால், அந்தச் சாம்பல் நிறம் கறுப்புக் கோட்டுக்குள் அடங்கி நிற்கிறதா, கோட்டை உடைத்துக்கொண்டு வெள்ளைக்குள் போயிருக்கிறதா என்று பார்ப்பதே எங்கள் முதல் வேலை.

கோட்டுக்குள் அடங்கியிருந்தால் டி1 அல்லது டி2. இந்த இரண்டையும் எம்.ஆர்.ஐ. நம்பகமாகப் பிரித்துக் காட்டுவதில்லை; அதனால்தான் பல அறிக்கைகளில் டி1/டி2 என்று சேர்த்து எழுதியிருக்கும். கட்டி மிக மேலோட்டமாக இருந்து, அதை உள்ளிருந்தே அகற்றிவிடலாமா என்ற கேள்வி எழும்போது, ஆசனவாய் வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டு பரிசோதனை கூடுதலாக உதவும். கோட்டைத் தாண்டிக் கொழுப்புக்குள் போயிருந்தால் டி3.

டி3 என்பதற்குள் ஏ, பி, சி, டி என்று ஏன் பிரிக்கிறார்கள்?

டி3 என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மிகவும் வேறுபட்ட நோயாளிகள் அடங்கிவிடுகிறார்கள் என்பதால்தான். தசையைத் தாண்டி அரை மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும் கட்டியும், கொழுப்புக்குள் 20 மில்லிமீட்டர் இறங்கிய கட்டியும் டி3தான். ஆகவே தசையடுக்கின் வெளி விளிம்பிலிருந்து கட்டி கொழுப்புக்குள் மிக ஆழமாகச் சென்ற புள்ளி வரை அளந்து, 1 மில்லிமீட்டருக்குக் குறைவானால் ஏ என்றும், 1 முதல் 5 வரை பி என்றும், 5-க்கு மேல் 15 வரை சி என்றும், 15-க்கு மேல் டி என்றும் குறிக்கிறோம். தசைக்கோடு கட்டியால் அழிந்துபோன இடத்தில், இருபுறமும் மிஞ்சியுள்ள கோட்டை மனத்தில் இணைத்து, அது எங்கே ஓடியிருக்கும் என்று வைத்து அதிலிருந்து அளக்க வேண்டியிருக்கிறது.

இவற்றில் 5 மில்லிமீட்டர் என்ற எல்லைக்குத்தான் கனம் அதிகம். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலிருந்து 2001-இல் வெளிவந்த ஆய்வு, அறுவையில் எடுத்த டி3 கட்டிகளை இந்த எல்லையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, 5 மில்லிமீட்டருக்குள் நின்ற கட்டி உடையவர்கள் அதைத் தாண்டிய கட்டி உடையவர்களைவிடத் தெளிவாகவே நன்றாக வாழ்ந்தார்கள் என்று காட்டியது. எம்.ஆர்.ஐ. இதே ஆழத்தைச் சரியாக அளக்குமா என்ற ஐயத்தை, ஐரோப்பாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய மெர்க்குரி ஆய்வு 2007-இல் தீர்த்தது. படத்தில் அளந்த ஆழத்தையும், பின்னர் நுண்ணோக்கியில் அளந்த ஆழத்தையும் ஒப்பிட்டபோது சராசரி வேறுபாடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருந்தது. சராசரி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்: தனியொரு நோயாளியிடம் வேறுபாடு இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். எனவே 4.8 என்று ஒருவருக்கும் 5.2 என்று இன்னொருவருக்கும் எழுதியிருந்தால், அந்த இருவரின் நோயும் வேறு வேறு என்று எண்ண வேண்டியதில்லை.

எம்.ஆர்.எஃப். என்று எழுதியிருக்கும் உறை எது?

மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு இருக்கிறது என்று சொன்னேன். அந்தக் கொழுப்புக்குள் இரத்தக்குழாய்களும் நிணநீர்க் கணுக்களும் இருக்கின்றன. இவை அனைத்தையும் வெளியிலிருந்து சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுதான் மீசோரெக்டல் ஃபேஷியா. எம்.ஆர்.எஃப். என்பது அதன் சுருக்கம். இங்கே அதை உறை என்றே சொல்கிறேன். படத்தில் அது வெள்ளைக் கொழுப்பின் வெளி ஓரத்தில் முடி போன்ற கறுப்புக் கோடாகத் தெரியும்.

இந்த உறைக்கு இவ்வளவு மதிப்பு வந்தது அறுவை சிகிச்சையால். இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் பணியாற்றிய பில் ஹீல்ட் என்ற அறுவை மருத்துவர், மலக்குடலையும் சுற்றியுள்ள கொழுப்பையும் உறை கிழியாமல், பொட்டலத்தைப் பிரிக்காமல் எடுப்பது போல, முழுதாக அகற்றும் முறையை 1982-இல் எழுதி வெளியிட்டார். லீட்ஸ் நகரின் நோயியல் மருத்துவர் ஃபில் குவர்க், 1986-இல், எடுத்த திசுவைக் குறுக்காகத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்த்து, பக்கவாட்டு வெட்டு ஓரத்தில் கட்டி எட்டியிருந்தவர்களுக்கே இடுப்புக்குள் நோய் பெரிதும் திரும்புகிறது என்று காட்டினார். அறுவை மருத்துவரின் கத்தி செல்லும் பாதை இந்த உறையை ஒட்டியது என்பதால், கட்டி அதை நெருங்கியிருக்கிறதா என்பதை வெட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் எம்.ஆர்.ஐ.

கட்டிக்கும் உறைக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் 1 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் எம்.ஆர்.எஃப். பிளஸ், அதற்கு மேல் இருந்தால் மைனஸ். 1-க்கும் 2-க்கும் இடைப்பட்ட தொலைவை 'அச்சுறுத்தப்படுகிறது' என்று சிலர் தனியாக எழுதுவதுண்டு. பிளஸ், மைனஸ் என்று மட்டும் எழுதாமல் தொலைவையும் எண்ணாகக் கொடுப்பதே நல்ல அறிக்கை என்பது என் கருத்து. 1.2 மில்லிமீட்டரில் நிற்கும் மைனஸும் 12 மில்லிமீட்டரில் நிற்கும் மைனஸும் அறுவை அரங்கில் ஒன்றாக இருப்பதில்லை.

எனக்கு ஆழம் 3 மில்லிமீட்டர்தான், ஆனால் பிளஸ். வார்டில் இன்னொருவருக்கு 7 மில்லிமீட்டர், ஆனால் மைனஸ். எப்படி?

இரண்டு அளவுகளும் எதிரெதிர் முனைகளிலிருந்து எடுக்கப்படுகின்றன. ஆழம் தசையிலிருந்து வெளிநோக்கி அளக்கப்படுகிறது. உறைத் தொலைவு உறையிலிருந்து உள்நோக்கி, கட்டியின் மிக அருகிலுள்ள புள்ளி வரை அளக்கப்படுகிறது. இவற்றுக்கு நடுவே எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பது இடத்துக்கு இடமும் ஆளுக்கு ஆளும் மாறுகிறது. பின்புறம் கொழுப்பு தடிமனாக இருக்கும். முன்புறம், அதுவும் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும், ஆண்களில் விந்துப்பைகளும் புராஸ்டேட்டும், பெண்களில் பிறப்புறுப்பின் பின்சுவரும் நெருங்கி நிற்பதால், கொழுப்பு மிக மெல்லியது. ஒல்லியானவர்களில் சில மில்லிமீட்டர்கூட மிஞ்சாது.

விளக்குவதற்காக நானே அமைத்த இரண்டு அறிக்கைகளைப் பார்ப்போம். முதலாவது, 56 வயது ஆண். கட்டியின் கீழ் விளிம்பு ஆசனவாயிலிருந்து 7 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. நீளம் 4 சென்டிமீட்டர். குடலின் வட்டத்தில் 11 மணி முதல் 2 மணி வரை. கடிகார முகமாக எண்ணும்போது 12 என்பது உடலின் முன்புறம், 6 என்பது பின்புறம், 3 என்பது நோயாளியின் இடப்புறம். ஆகவே இது முன்புறக் கட்டி. தசையைத் தாண்டிய ஆழம் 12 மணியில் 3 மில்லிமீட்டர். அந்த இடத்தில் மொத்தக் கொழுப்பே 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எனவே உறைக்கு மிஞ்சிய தொலைவு 0.8 மில்லிமீட்டர். முடிவு டி3பி, உறை பிளஸ்.

இரண்டாமவருக்குக் கட்டி 9 சென்டிமீட்டர் உயரத்தில், 4 மணி முதல் 8 மணி வரை, அதாவது பின்புறம். ஆழம் 7 மில்லிமீட்டர். பின்புறக் கொழுப்பு 16 மில்லிமீட்டர் இருப்பதால் உறை வரை இன்னும் 9 மில்லிமீட்டர் தூய கொழுப்பு இருக்கிறது. முடிவு டி3சி, உறை மைனஸ்.

முதலாமவரிடம் உள்ள சிக்கல் வெட்டு ஓரத்தைப் பற்றியது. நேரடியாக அறுவைக்குச் சென்றால் கத்தி கட்டியை ஒட்டியோ கட்டிக்குள்ளாகவோ போய்விடலாம். ஆகவே வழக்கமாக முதலில் கதிர்வீச்சும் கீமோ மருந்துகளும் கொடுத்துக் கட்டியைச் சுருங்கச் செய்து, பிறகு மறுபடி படம் எடுத்து முடிவு செய்வார்கள். இரண்டாமவருக்கு ஓரம் பாதுகாப்பானது. ஆனால் ஆழம் 5-ஐத் தாண்டியதால், தொலைவில் நோய் பிறகு தோன்றும் வாய்ப்பு கூடுதல். அவருக்கு அறுவைக்கு முன் சிகிச்சை தேவையா என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை அணுகுமுறை வேறுபடுகிறது. கணுக்களின் நிலையும் இரத்தக்குழாய்க்குள் கட்டி நுழைந்திருக்கிறதா என்பதும் அங்கே எடை போடப்படும். இருவரில் யாருக்கு நோய் 'அதிகம்' என்று ஒரே சொல்லில் கேட்டால் விடை சொல்ல முடியாமல் போவதற்குக் காரணம், இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு ஆபத்துகளைச் சொல்கின்றன என்பதே.

உறை பிளஸ் என்றால் டி4 தானே?

இல்லை. அறிக்கை எழுதுபவர்களிடமும் இந்தக் குழப்பம் அவ்வப்போது காணப்படுகிறது. உறையைத் தொட்டாலும், அதைத் தாண்டி வேறு உறுப்புக்குள் போகாத வரையில் டி3 என்பது டி3-ஆகவே இருக்கும். புராஸ்டேட், சிறுநீர்ப்பை, கருப்பை, இடுப்புத்தளத் தசை போன்ற ஒன்றுக்குள் கட்டி நுழைந்திருந்தால்தான் டி4பி.

டி4ஏ என்பது வேறு. மலக்குடலின் மேற்பகுதியில் முன்புறம் இந்த உறை கிடையாது. அங்கே வயிற்றறையின் உட்சவ்வான பெரிட்டோனியம் குடலின் மேல் படர்ந்திருக்கிறது. கட்டி அந்தச் சவ்வைத் துளைத்திருந்தால் டி4ஏ. அங்கே வெட்டு ஓரம் என்ற கேள்வி எழுவதில்லை. கட்டியின் செல்கள் வயிற்றறைக்குள் உதிருமா என்ற கேள்விதான் எழும். ஆகவே மேற்பகுதி முன்புறக் கட்டியைப் பற்றிய அறிக்கையில் பெரிட்டோனியம் மடியும் இடத்துக்கு மேலே கட்டி இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று எழுதியிருக்க வேண்டும்.

கட்டி உறையிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் பிளஸ்?

உறையை நெருங்குவது முதன்மைக் கட்டியாகவே இருக்க வேண்டியதில்லை. கட்டியிலிருந்து கிளம்பிய இரத்தக்குழாய் ஒன்றுக்குள் புற்று வளர்ந்து, குழாய் வழியே உறை வரை போயிருக்கலாம். கொழுப்புக்குள் தனியாக ஒரு புற்றுத்திட்டு உறையை ஒட்டி இருக்கலாம். விளிம்பு சிதைந்த நிணநீர்க் கணு உறையைத் தொட்டிருக்கலாம். இவற்றில் எதனால் பிளஸ் என்பதையும், அது எந்த மணித்திசையில், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் அறிக்கை சொல்ல வேண்டும். எழுதியிருக்காவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அறுவை மருத்துவருக்கு அந்த இடம் தேவைப்படும். விளிம்பு மழமழவென்று முழுமையாக உள்ள கணு உறையை ஒட்டியிருந்தால் மட்டும் அதைப் பெரும்பாலும் பிளஸ் என்று கொள்வதில்லை, ஏனென்றால் புற்று கணுவின் கூட்டுக்குள் அடைபட்டே இருக்கிறது.

ஆசனவாய்க்கு மிக அருகிலுள்ள கட்டி. அறிக்கையில் உறை பற்றி ஒன்றுமே இல்லையே?

கீழே இறங்க இறங்கக் கொழுப்பு குறுகிக்கொண்டே வந்து, இடுப்புத்தளத் தசை ஆசனவாய்ச் சுருக்குத்தசையோடு சேரும் இடத்தில் ஏறத்தாழ இல்லாமலே போகிறது. உறையும் அதோடு முடிந்துவிடுகிறது. ஆகவே அங்கே வேறு கேள்விகளுக்கு விடை வேண்டும்: உட்சுருக்குத்தசைக்குள் கட்டி இறங்கியிருக்கிறதா, உள், வெளிச் சுருக்குத்தசைகளின் நடுவிலுள்ள இடைவெளி காலியாக இருக்கிறதா, இடுப்புத்தளத் தசையை எட்டியிருக்கிறதா என்பன. ஆசனவாயைக் காப்பாற்ற முடியுமா, நிரந்தரமாக வயிற்றில் பை வைக்க வேண்டுமா என்ற முடிவு பெரிதும் இந்த விடைகளைச் சார்ந்தது. இவை இல்லாத அறிக்கை, கீழ்ப்பகுதிக் கட்டிக்குப் போதாது.

இந்த அளவுகள் தவறாகப் போக வாய்ப்பு உண்டா?

உண்டு, பெரும்பாலும் கூட்டிச் சொல்லும் திசையில். கட்டியைச் சுற்றி உடல் வடுத் திசுவை உருவாக்குகிறது. அது தசையிலிருந்து கொழுப்புக்குள் மெல்லிய கறுப்பு இழைகளாக நீளும். அந்த இழைகளில் புற்றுச் செல்கள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படம் அதைப் பிரித்துச் சொல்லாது. அடி அகன்று, முண்டாக, சாம்பல் நிறத்தில் கொழுப்புக்குள் புடைத்திருப்பதை டி3 என்று துணிந்து எழுதலாம். இழைகளை மட்டும் கண்டால், அது டி2-ஆகவும் இருக்கலாம், தொடக்க டி3-ஆகவும் இருக்கலாம் என்று எழுதுவதே நேர்மை. நல்வாய்ப்பாக, டி2-க்கும் 1 மில்லிமீட்டர் ஆழ டி3-க்கும் சிகிச்சையில் பெரிய வேறுபாடு வருவதில்லை.

இரண்டாவது காரணம் படம் எடுத்த கோணம். மலக்குடல் நேரான குழாயன்று. இடுப்பு எலும்பின் வளைவுக்கேற்ப வளைந்து செல்கிறது. கட்டி இருக்கும் இடத்தில் குடலின் அச்சுக்குச் செங்குத்தாக, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய துண்டுகளாகப் படம் எடுக்க வேண்டும். உடம்பின் நேர்க்குறுக்கே மட்டும் எடுத்தால், சாய்ந்து நிற்கும் சுவர் படத்தில் சாய்வாக வெட்டுப்பட்டு, தசைக்கோடு மங்கி, டி2 கட்டி டி3 போலத் தோன்றும். உறைத் தொலைவும் மாறும். பக்கவாட்டுப் படத்தில் கட்டியைப் பார்த்து, அதற்கேற்பக் கோணத்தைத் திருப்புவது ஸ்கேன் மேசையில் செய்ய வேண்டிய வேலை. பிறகு சரிசெய்ய முடியாது. வேறு இடத்தில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர் மறுபடி எடுக்கச் சொன்னால், பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். அதை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம்.

குடலின் அசைவும் படத்தைக் கலங்கச் செய்யும். அதற்காகச் சில இடங்களில் குடல் இழுப்பைத் தணிக்கும் ஊசி போடுவார்கள். கிளகோமாவோ புராஸ்டேட் வீக்கமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆசனவாய் வழியாக நிறைய ஜெல் செலுத்தி எடுப்பதும் உண்டு. அது சிறிய கட்டியைக் கண்டுபிடிக்க உதவினாலும், குடல் விரிந்து வெளிக்கொழுப்பை அழுத்துவதால் உறைத் தொலைவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம். இந்த அளவுகளுக்கு நரம்பில் செலுத்தும் மாறுபாட்டு மருந்து தேவையில்லை.

கதிர்வீச்சு முடிந்து எடுத்த படத்தில் முன்னால் ஒய் என்று ஓர் எழுத்து சேர்ந்திருக்கிறது. அது என்ன?

சிகிச்சைக்குப் பின் எடுத்த மதிப்பீடு என்று பொருள். கட்டி இருந்த இடத்தில் கறுத்த வடு உருவாகியிருக்கும். முன்பு பிளஸாக இருந்த இடத்தில் வடுவுக்கும் உறைக்கும் நடுவே வெள்ளைக் கொழுப்பு மறுபடி தெளிவாகத் தெரிந்தால் ஓரம் விடுபட்டது என்று சொல்லலாம். வடு இன்னும் உறையைத் தொட்டிருந்தால், அதற்குள் புற்றுச் செல்கள் மிஞ்சியிருக்கின்றனவா என்று எம்.ஆர்.ஐ. உறுதியாகச் சொல்லாது, அத்தகைய இடத்தைப் பாதுகாப்புக் கருதிப் பிளஸ் என்றே எழுதுவது வழக்கம். முதல் படத்தை எடுத்துச் செல்லாமல் இரண்டாம் படத்தை மட்டும் கொடுத்தால் இந்த ஒப்பீடு இயலாது.

அறுவைக்குப் பிறகு வந்த நோயியல் அறிக்கை எம்.ஆர்.ஐ.யோடு ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

ஆழத்தைப் பொறுத்தவரை நுண்ணோக்கி சொல்வதே இறுதியானது. சிகிச்சை இல்லாமல் நேரடியாக அறுவை நடந்து, படத்தில் டி3ஏ என்றும் திசுவில் டி2 என்றும் வந்திருந்தால், மேலே சொன்ன வடு இழைகளே காரணமாக இருக்கலாம். இடையில் கதிர்வீச்சு கொடுத்திருந்தால், இரண்டு அறிக்கைகளும் வெவ்வேறு காலத்துக் கட்டியைப் பற்றிப் பேசுகின்றன. அவை ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கவே முடியாது.

ஓரத்தைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு. எம்.ஆர்.ஐ. அளப்பது உடம்பிலுள்ள உறை வரை. நோயியல் மருத்துவர் அளப்பது கத்தி உண்மையில் சென்ற ஓரம் வரை. படத்தில் உறை 5 மில்லிமீட்டர் தள்ளி இருந்தும், அறுவையில் கொழுப்பு கிழிந்து கத்தி உள்ளே போயிருந்தால் திசு அறிக்கையில் ஓரம் பிளஸ் ஆகலாம். உறை பிளஸ் என்று படம் முன்பே காட்டியதால் அறுவை மருத்துவர் அந்த இடத்தில் உறையையும் தாண்டி வெளியே வெட்டியிருந்தால், ஓரம் மைனஸ் ஆகலாம். அப்படி வந்த முரண்பாட்டுக்குக் காரணம் எம்.ஆர்.ஐ.யின் பிழையன்று, அதைப் படித்துவிட்டு அறுவை திட்டமிடப்பட்டது என்பதே.